கடைசியாகப் பயன்படுத்தியது எப்போது?

எங்கள் நிறுவனத்தில் கிளை விட்டுக் கிளை இடமாற்றத்துக்கு விண்ணப்பிக்கிறவர்கள் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ஒவ்வொரு திறமைக்கும் எதிரே ‘பணியில் கடைசியாகப் பயன்படுத்தியது’ என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலானவர்கள் அதில் கண்ணை மூடிக்கொண்டு ‘இன்றுவரை’ என்று எழுதிவிடுவார்கள். பத்து வருஷம் முன்னால் ஒரே ஒருமுறை தொட்ட மென்பொருளுக்கும் ‘இன்றுவரை’தான். மனிதவளப் பிரிவில் உட்கார்ந்து அந்தப் புளுகுகளைச் சலித்தெடுப்பதுதான் என் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒருவர் மட்டும் உண்மையை எழுதியிருந்தார். தமிழ் பேசும் திறன் என்ற வரிக்கு எதிரே, பதினாறு வருஷத்துக்கு முந்தைய ஓர் ஆண்டு.

மருத்துவமனைகளுக்குக் கருவிகள் விற்று, அவற்றைப் பழுதுபார்த்தும் கொடுக்கும் நிறுவனம் எங்களுடையது. தலைமை அலுவலகம் கொல்கத்தாவில், பவானிபூரில். அவர் சேவைப் பிரிவில் மூத்த ஊழியர், வங்காளி. இளவயதில் ஐந்து வருஷம் வேலூர்க் கிளையில் இருந்தவர். இப்போது அதே வேலூரில் சேவை ஒருங்கிணைப்பாளர் இடம் காலியாகியிருந்தது. வார்டுகளிலிருந்து வரும் போன்களை எடுத்து, கருவிக்கு என்ன கோளாறு என்று கேட்டு, வழி சொல்லி, ஆள் அனுப்புகிற வேலை. தமிழ் பேசத் தெரிந்தே ஆகவேண்டும்.

அவருக்கு அந்த இடம் ஏன் வேண்டும் என்பது அலுவலகம் முழுக்கத் தெரியும். மனைவிக்குச் சிறுநீரக மாற்று அறுவை வேலூரில்தான் நடந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்குப் போக வேண்டும். ஹவுராவில் ரயில் ஏறினால் காட்பாடியில் இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். தொற்று வந்தால் கதை முடிந்துவிடும் என்று பயந்து, அந்த அம்மாள் வழி நெடுக முகக்கவசத்தைக் கழற்றாமல், ரயிலில் வாங்கிய எதையும் வாயில் வைக்காமல் போய்வருவாராம். அங்கேயே மாற்றல் கிடைத்தால் அந்தப் பயணமே வேண்டாம். நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடும் கையை விட்டுப் போகாது.

விதி இதுதான்: ஐந்து வருஷத்துக்குள் பணியில் பயன்படுத்திய திறமை என்றால் நேராக ஏற்றுக்கொள்ளலாம். அதற்கு முந்தையது என்றால் ஒருவர் சோதித்துப் பார்த்து மூன்றில் ஒன்றை எழுதவேண்டும். இப்போதும் இருக்கிறது, சிறு பயிற்சி கொடுத்தால் மீண்டுவிடும், காலாவதியாகிவிட்டது.

வேலூர்க் கிளைப் பொறுப்பாளர் போனில் ஆங்கிலத்தில் சொன்னார்: “மேடம், அவரை எங்க டெக்னீஷியன் ஒருத்தனோட பத்து நிமிஷம் பேச வெச்சிடுங்க. தேறுமா தேறாதான்னு அவனே சொல்லிடுவான்.”

“அதுக்கென்ன அவசியம்? நானே தமிழ்தானே. நானே பாத்துக்கறேன்” என்றேன்.

நான் கொல்கத்தாவில் பிறந்தவள். என் பாட்டனார் காலத்திலேயே தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து காளிகாட்டுக்கு அருகே குடியேறிய குடும்பம். வீட்டில் தமிழ், வெளியில் வங்க மொழி, அலுவலகத்தில் ஆங்கிலம். கணவரோடும் உறவுக்காரர்களோடும் பேசுகிற பேச்சைத் தவிர வேறு தமிழ் என் காதில் விழுந்ததே குறைவு. இது அன்றைக்கு எனக்கு ஒரு குறையாகவே தோன்றவில்லை. நல்ல தமிழ் எங்கள் வீட்டுத் தமிழ்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான்.

மதியம் மூன்று மணிக்கு அவரைக் கூப்பிட்டேன். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். நெற்றியில் வேர்வை. ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

முதலில் வங்க மொழியில் கேட்டேன், அண்ணனைத் ‘தாதா’ என்றும் அக்காவைத் ‘திதி’ என்றும் கூப்பிடுகிற மொழி: “தாதா, பதினாறு வருஷம்னு போட்டிருக்கீங்களே, நடுவில பேசவே இல்லையா?”

“பேசறேன் திதி. மூணு மாசத்துக்கு ஒருதரம் ஆஸ்பத்திரில வார்டு பாய், ஆட்டோக்காரன், மருந்துக்கடைன்னு எல்லார்கிட்டயும் தமிழ்தான். ஆனா படிவத்துல ‘பணியில்’னு இருக்கே. அதனால அதை எழுதல.”

அது சொந்த வேலையாகப் போனது, கணக்கில் சேராது என்றேன். படிவத்தின்படி சரிதான். ஆனால் ஒரு திறமை துருப்பிடித்ததா என்று பார்ப்பவள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது அதைத்தானே? போன மாதம் புழங்கிய பேச்சு, யாருக்காகப் புழங்கினாலும் புழங்கியதுதான். இதை நான் எத்தனையோ பேருக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பிறகு சோதனை. நான் நர்ஸாக நடித்தேன்.

“ஹலோ, எங்க வார்டுல சிரிஞ்ச் பம்ப் விடாம சத்தம் போட்டுண்டே இருக்கு. பேஷன்ட்டுக்கு மருந்து போயிண்டிருக்கு. என்ன பண்றது?”

அவர் இரண்டு நொடி தயங்கினார். பிறகு மடமடவென்று வந்தது: “பயப்படாதீங்க சிஸ்டர். ட்யூபு எங்கனா மடங்கிகினு கீதா பாரு. கிளாம்ப் மூடிகினு இருந்தா தொற. அப்பவும் கூவினே இருந்தா அத்த ஓரமா வெச்சிட்டு வேற மிசின் மாட்டிக்கோ. தோ, ஆள அனுப்பறேன்.”

நான் முகம் சுளித்தேன். ‘கீதா’, ‘கூவினே’, ‘அத்த’. பாதி எனக்குச் சட்டென்று பிடிபடவே இல்லை. ஒரே மூச்சில் ‘பயப்படாதீங்க’ என்றும் ‘பாரு’ என்றும் சொல்கிறாரே, மரியாதை எங்கே போச்சு என்று நினைத்தேன். இன்னும் நாலைந்து கேள்விகள் கேட்டேன். இரண்டு இடத்தில் சொல் கிடைக்காமல் வங்க மொழிக்குத் தாவிப் பிறகு மீண்டும் தமிழுக்கு வந்தார். சொன்ன வழிமுறைகளில் ஒன்றுகூடத் தப்பில்லை. அதை நான் கவனித்தேனா என்றால், கவனித்தேன். ஆனால் நான் மதிப்பிடுவது மொழியை மட்டும்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர் போன பிறகு பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ‘சிறு பயிற்சி கொடுத்தால் மீண்டுவிடும்’ என்ற கட்டம் கண்ணெதிரே இருந்தது. அதில் குறியிட்டிருந்தாலே போதும், அவருக்கு ஒரு மாத அவகாசம் கிடைத்திருக்கும். ஏன் குறியிடவில்லை? காது கூசியது ஒரு காரணம். இன்னொன்றை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்: மனைவியின் நோய்க்காக இரக்கப்பட்டு இவள் விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். என் நேர்மையைக் காட்ட எனக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அவர் எதிரே வந்து உட்கார்ந்தார்.

‘பேச்சு கொச்சையாக உள்ளது. மரியாதைச் சொற்கள் சீராக இல்லை. தயக்கம் உண்டு. நீண்டகாலம் பயன்படுத்தாததால் மழுங்கிவிட்டது. காலாவதி.’

படிவத்தின் அடியில் மதிப்பிடுபவருக்கும் ஒரு வரி உண்டு. ‘இந்தத் திறமையை நீங்கள் பணியில் கடைசியாகப் பயன்படுத்தியது.’ இருபத்தெட்டு வருஷ வேலையில் ஒருநாள்கூட நான் தமிழில் ஒரு போன் பேசியதில்லை, ஒரு கடிதம் எழுதியதில்லை. யோசிக்காமல் ‘இன்றுவரை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த இடம் கோயம்புத்தூரிலிருந்து புதிதாக வந்திருந்த ஓர் இளைஞருக்குப் போனது. முடிவுகள் மேலிடத்திலிருந்து ‘தேர்வாகவில்லை’ என்ற ஒற்றை வரியாகத்தான் போகும். காரணம் சொல்வதில்லை. அவரும் என்னிடம் கேட்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில், ரயிலில் தொற்றிய சளி அவர் மனைவிக்கு நெஞ்சில் இறங்கி, மூன்று வாரம் வேலூரிலேயே படுக்கையில் போட்டுவிட்டது. அவர் அலுவலகத்துக்குத் திரும்பியபோது ராஜினாமாக் கடிதத்தோடு வந்தார். இருபத்திரண்டு வருஷ வேலை. காப்பீடும் அதோடு போயிற்று. அந்தக் கடிதத்தைப் பெற்றுக்கொண்டு கோப்பில் சேர்த்ததும் நான்தான்.

இரண்டு வருஷம் கழித்து என் கணவருக்கு இதய வால்வில் கோளாறு என்றார்கள். கொல்கத்தாவில் யாரைக் கேட்டாலும் சொல்கிற பதில்தான் எங்களுக்கும் கிடைத்தது: வேலூருக்குப் போங்கள். போனோம். தமிழ்நாடுதானே, நமக்கென்ன கஷ்டம் என்று ரயிலில் அவரிடம் ஜம்பமாகச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மருத்துவமனைக்கு அருகே ஒரு லாட்ஜில் அறை கேட்டோம். மேஜைக்குப் பின்னாலிருந்து ஒருவர் எழுந்தார்.

“திதி!”

அவரேதான். கொஞ்சம் மெலிந்திருந்தார். லாட்ஜில் வரவேற்பு வேலை. தங்குகிறவர்கள் பெரும்பாலும் வங்காளிகள் என்பதால் இரண்டு மொழியும் தெரிந்த ஆள் அவர்களுக்கு வேண்டியிருந்ததாம். பின்கட்டில் ஒரு சிறிய அறையில் குடியிருப்பு. மனைவி கதவருகே முகக்கவசத்தோடு நின்று என்னைப் பார்த்துக் கைகூப்பினார். அண்ணி முறை வைத்து, உடம்பு தேவலையா பௌதி என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

மறுநாள் காலை லாட்ஜிலிருந்து அவரும் எங்களுக்குத் துணையாக வந்தார். இதயப் பரிசோதனை அறை வாசலில் உதவியாளர் ஒருவர் எதையோ வேகமாகச் சொன்னார். ‘கீது’, ‘அப்பால’, ‘குந்திகினு’ என்று துண்டு துண்டாகக் காதில் விழுந்தது.

“என்ன சொல்றேள்? புரியலையே” என்றேன்.

மறுபடி சொன்னார். மறுபடியும் எனக்குப் பிடிபடவில்லை. மூன்றாம் முறை அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆதரவாக, உடைந்த வங்க மொழியில் சொல்ல ஆரம்பித்தார். என் காது சிவந்துவிட்டது.

சக்கரநாற்காலி கேட்கப் போயிருந்தவர் அதற்குள் திரும்பிவிட்டார். “இன்னாண்ணா, சீட்டு அந்தாண்ட குடுக்கணுமா? தோ, நான் இவர இட்டாறேன். பெரியவரு நடக்க மாட்டாரு, கொஞ்சம் பாத்துக்கோ” என்றார். உதவியாளர் சிரித்து அவர் தோளில் தட்டி, “நீ சொன்னா செரி” என்று சீட்டை வாங்கிக்கொண்டார். அந்த ‘பாத்துக்கோ’வில் எந்த மரியாதையும் குறையவில்லை. அது பத்து வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தவனிடம் பேசுகிற பேச்சு. அன்று பவானிபூரில் என் அறையில் ஒலித்ததும் இதேதான். நர்ஸுகளும் உதவியாளர்களும் இந்தப் பேச்சில்தான் போன் செய்வார்கள். காலாவதியாகியிருந்தது எது என்று எனக்கு அங்கே நின்றபடியே தெரிந்துபோயிற்று.

மூன்று நாளும் அவர்தான் எங்களுக்காகப் பேசினார். தமிழச்சி ஒருத்தி தமிழ்நாட்டில் வாய் மூடி நிற்க, ஒரு வங்காளி அவளுக்காகத் தமிழ் பேசினார்.

கிளம்புகிற அன்று டீ வாங்கிக் கொடுத்தார். காட்பாடிக்கு ஆட்டோ வரக் காத்திருந்தோம். வங்க மொழியில் மெல்லச் சொன்னார்: “திதி, அன்னிக்கே சொல்லணும்னு நெனச்சேன். அந்தப் போஸ்டிங்குக்கு நீங்க எனக்காக எவ்வளவோ முயற்சி பண்ணியிருப்பீங்க. எனக்குத் தெரியும். தமிழ் தெரிஞ்சவங்க நீங்க ஒருத்தர்தானே. மேல யாரோ தடுத்துட்டாங்க. நீங்க அதை மனசுல வெச்சுக்காதீங்க.”

டீ டம்ளர் கையைச் சுட்டது. மேலே யாரும் தடுக்கவில்லை, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரிந்த இரண்டு மொழிகளில் எதில் வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். நான் தலையை ஆட்டினேன்.

அவர் எங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஆட்டோக்காரரிடம் எங்களை எங்கே இறக்கிவிட வேண்டும் என்று சொல்லப் போனார்.