ஆடி மாதத்து ஆர்டர்

கமிஷனுக்கு விற்கப் போகிறவர்கள் முதலில் மூன்று கேள்வி கேட்க வேண்டும். எத்தனை சதவீதம்? பணம் எப்போது கைக்கு வரும்? எந்தெந்த ஆர்டருக்கு உண்டு, எதற்கு இல்லை? மூன்றையும் நான் கேட்டேன். கேட்காமல் போய் விழுந்தவள் என்று யாரும் என்னைச் சொல்ல முடியாது. கேட்டேன், பதிலும் வந்தது, அப்படியும் விழுந்தேன். அந்த எரிச்சல்தான் இன்னும் அடங்கவில்லை.

கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் பன்னிரண்டு வருஷம் பில் போட்டேன். சம்பளம் ஏறவே ஏறாது. அப்போதுதான் எட்டயபுரம் ரோட்டில் கடலைமிட்டாய் கம்பெனி வைத்திருக்கிற அண்ணாச்சி, வெளியூர்க் கடைகளில் சரக்கைப் போட ஆள் தேடினார். எனக்கு ஸ்கூட்டி ஓட்டத் தெரியும், வாயும் உண்டு. போய்க் கேட்டேன். அது ஆடி மாதம்.

"நாலு பெர்சண்ட் தாரேன் தாயி. வரி, லாரி வாடகை கழிச்சு, சரக்கு விலைக்கு மட்டும்."

"எந்த ஆர்டருக்கெல்லாம் அண்ணாச்சி?"

"நீ கொண்டாருத புதுக் கடை எல்லாத்துக்கும். எங்கிட்ட ஏற்கெனவே வாங்குத கடைக்குக் கிடையாது. திரும்பி வந்த சரக்குக்கும் கிடையாது."

"பணம் எப்ப வரும்?"

"கடைக்காரன் எனக்குக் குடுக்கணும்லா? அவன் குடுத்தாம்னா பத்தாம் தேதி உனக்கு வந்துரும்."

இதையே ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள் என்றேன். மனுஷர் பதறிப்போனார். "ஆடியில போய் எழுத்தா? நல்லாருக்குமா? ஆவணி பொறக்கட்டும், முதல் தேதியே எழுதிருவோம். நீ வேலையப் பாரு, அதுக்கென்ன."

எழுதத்தான் ஆடி ஆகாதாம். வெயிலில் அலைவதற்கும், காற்றில் ஸ்கூட்டி சாய்வதற்கும், கடை கடையாகப் பல்லைக் காட்டுவதற்கும் ஆடி ஆகுமாம். அன்றைக்கு இது எனக்குத் தோன்றவில்லை. என் வீட்டிலும் ஆடியில் ஒரு பாத்திரம் கூட வாங்க மாட்டோம். சரிதான் என்று தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

ஆடி முடிவதற்குள் மதுரையில் பதினோரு கிளை உள்ள ஒரு பலசரக்கு சூப்பர் மார்க்கெட்டைப் பிடித்துவிட்டேன். நாலு நடை நடந்தேன். கொள்முதல் பார்க்கிறவர் மிட்டாயைக் கடித்துப் பார்த்து, பாகு பதத்தைக் குறை சொல்லி, பாக்கெட்டைக் குறை சொல்லி, கடைசியில் தீபாவளி வரைக்கும் சேர்த்து ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்துக்குச் சரி என்றார். வாசலுக்கு வந்ததும் ஆர்டரை என் நோட்டில் எழுதி, போட்டோ எடுத்து கம்பெனிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நாலு சதவீதம் என்றால் இருபத்தோராயிரத்து அறுநூறு. பேருந்தில் வரும்போது அதைத்தான் திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டேன்.

அந்தப் பணத்துக்கு எங்கள் வீட்டில் வேலை காத்துக் கிடந்தது. நாகலாபுரம் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் கரிசல், மானாவாரி. மழைக்கு முன்னால் புழுதியில் மக்காச்சோளத்தை விதைத்துவிட வேண்டும். மழை இறங்கிவிட்டால் அந்த மண்ணில் டிராக்டர் இருக்கட்டும், ஆள் கால் வைத்தாலே செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். விதை, அடி உரம், உழவு எல்லாம் சேர்த்து இருபதாயிரம் ஆகும். நகை ஏற்கெனவே பாங்கில் அடகில் இருந்தது. போன வருஷ பாக்கி நிற்கிறதால் விதைக்கடையில் கடன் கிடையாது. "ஒன் கமிஷன் வந்தாத்தான் இந்த வருசம் விதைப்பு" என்று என் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

ஆவணி முதல் தேதி காலையில் அண்ணாச்சி போன் பண்ணினார். "பத்தரைக்குள்ள வந்துரு, நல்ல நேரம் முடியப் போவுது." அடித்துப் பிடித்துப் போனால் மணி பத்து இருபத்தைந்து. கணக்கு பார்க்கிற பிள்ளை கம்ப்யூட்டரில் அடித்த தாளுக்கு நாலு மூலையிலும் மஞ்சள் தடவி வைத்திருந்தாள். "போடு, போடு, கையெழுத்தப் போடு" என்று அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்க்கிறார். நாலு சதவீதம் என்பது மட்டும் கண்ணில் பட்டது. போட்டுவிட்டேன். பன்னிரண்டு வருஷம் பில் போட்டவள், ஒரு பக்கத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். என்னை எதால் அடிப்பது?

சரக்கு போனது. மதுரைக்காரர்கள் பேச்சுத் தவறாமல் அக்டோபர் மூன்றாம் தேதி முழுப் பணத்தையும் பாங்கில் போட்டார்கள். பத்தாம் தேதி நான் கம்பெனிக்குப் போனேன். வீட்டுக்காரர் உழவுக்கு டிராக்டர் சொல்லி வைத்திருந்தார்.

கணக்கு பார்க்கிற பிள்ளை கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, அந்த மதுரை ஆர்டருக்கு ஒங்களுக்குக் கமிஷன் வராதே" என்றாள்.

"ஏட்டி, என்ன சொல்லுத?"

"ஆவணி ஒண்ணாந் தேதியில இருந்து வாங்குத ஆர்டருக்குத்தான்னு எழுத்துல இருக்கு. இது ஆகஸ்ட் அஞ்சு. ஒங்க வாட்ஸ்அப்ப வச்சுத்தான் தேதி போட்டிருக்கேன்."

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. அண்ணாச்சியின் அறைக்குள் போகாமல், மிட்டாய் பொட்டலம் போடுகிற பெண்கள் அத்தனை பேரும் கேட்க, கூடத்தில் நின்றே கத்தினேன்.

"அண்ணாச்சி! ஆடியில எழுதக் கூடாதுன்னு சொன்னது யாரு? நானா? ஆடியில நடந்த நடை ஒங்களுக்கு வேணும், ஆடி ஆர்டர் வேணும், அந்தப் பணம் ஒங்க பாங்குல கிடக்கு. கமிஷன் மட்டும் ஆவணியில பொறந்ததா?"

அவர் வெளியே வந்தார். "கத்தாத தாயி. எழுத்துல உள்ளதுதானே நான் செய்ய முடியும்?"

"எழுத்தா? மஞ்சளத் தடவி அஞ்சு நிமிசத்துல நீட்டுனீங்களே, அதுவா எழுத்து?"

அவர் ஏமாற்றுகிறவர் இல்லை. அதுதான் இன்னும் கடுப்பு. ஏமாற்றுகிறவனாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இவர் நிஜமாகவே குழம்பிப்போய் நிற்கிறார். தாளில் இருப்பதை மீறினால் நாளைக்கு மற்ற ஏஜெண்டுகளும் வந்து நிற்பார்கள் என்று யோசிக்கிறார்.

எனக்குப் பில் போட்ட புத்தி அப்போதுதான் திரும்பியது. "எங்க, மதுரைக்காரன் அனுப்புன பர்ச்சேஸ் ஆர்டர எடு" என்றேன் அந்தப் பிள்ளையிடம். அவள் மெயிலைத் தேடி எடுத்தாள். தேதி ஆகஸ்ட் பதினெட்டு. ஆவணி இரண்டு. ஏனென்றால் அந்தக் கொள்முதல்காரரும் ஆடியில் ஒரு தாளிலும் கையெழுத்துப் போடாத ஆள்! "வாயில சொல்லிட்டேன்லம்மா, ஆவணி பொறக்கட்டும்" என்றுதான் என்னையும் அனுப்பியிருந்தார். எங்கள் மாவட்டத்துக்கும் மதுரைக்கும் ஒரே ஆடி.

"ஆர்டர்னா எது அண்ணாச்சி? நான் நோட்டுல கிறுக்கினதா, கடைக்காரன் கையெழுத்துப் போட்டு அனுப்புனதா?"

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது. அவருக்கும் அது தப்பிக்க ஒரு வழிதான். "கையெழுத்துப் போட்டதுதான் ஆர்டர். இது சேரும். போடு புள்ள, இதுக்குக் கமிஷன் போடு" என்றார். இனிமேல் பர்ச்சேஸ் ஆர்டர் தேதிதான் கணக்கு என்று என் தாளின் அடியில் பேனாவால் எழுதி, கையெழுத்தும் போட வைத்தேன். பொட்டலம் போடுகிற பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"அப்ப இன்னைக்கே பாங்குல போட்டுருதியா?" என்று கணக்கு பார்க்கிற பிள்ளையிடம் கேட்டேன்.

"அடுத்த மாசம் பத்தாம் தேதிதான் அக்கா."

"என்னது?"

அவள் தாளைத் திருப்பி என் பக்கம் வைத்து விரலால் காட்டினாள். கடைக்காரரிடம் பணம் வந்த மாதத்துக்கு அடுத்த மாதம் பத்தாம் தேதி. மாதக் கடைசியில்தான் எந்தப் பணம் வந்தது, எந்தச் சரக்கு திரும்பியது என்று கணக்கு முடிப்பார்களாம். நியாயமான ஏற்பாடுதான். எல்லாக் கம்பெனியிலும் அப்படித்தான். பத்தாம் தேதி என்றால் எந்த மாதத்துப் பத்தாம் தேதி என்று ஆடியில் நான் கேட்கவில்லை. ஆவணியில் படிக்கவில்லை. மூன்று கேள்வி கேட்டேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேனே, பணம் எப்போது என்பதை அரையாகத்தான் கேட்டிருக்கிறேன்.

அங்கேயே நின்றேன். அண்ணாச்சி, ஒரு மாதம் முன்னாலேயே கொடுங்கள், விதைக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இப்போதுதானே கூடத்தில் நின்று அந்த மனுஷரை அப்படிக் கிழித்தேன்? அதே வாயால், அதே பெண்கள் முன்னால், எப்படிப் போய்க் கேட்பது? "சரி, பத்தாம் தேதி வாரேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

வீட்டில் சொன்னேன். அவர் டிராக்டர்காரருக்குப் போன் போட்டு வேண்டாம் என்றார். அடுத்த வாரத்திலேயே மழை பிடித்தது. நல்ல மழை. பக்கத்து நிலத்தில் எல்லாம் ஒரு சாண் மக்காச்சோளம் நின்றது. எங்கள் நாலு ஏக்கரில் தண்ணீரும் கோரையும். அவர் தினமும் வரப்பு வரைக்கும் போய்விட்டு வருவார். நான் கூடப் போகவில்லை.

நவம்பர் பத்தாம் தேதி பணம் வந்தது. இருபத்தோராயிரத்து அறுநூற்றில் வரிப் பிடித்தம் இரண்டு சதவீதம் போக மீதி, ஒரு ரூபாய் குறையாமல், ஒரு நாள் தள்ளாமல். திட்டுவதற்குக் கூட ஆள் இல்லை.

ரசீதில் கையெழுத்துப் போடப் போயிருந்தேன். இந்தத் தடவை ஒரு வரி விடாமல் படித்தேன். அண்ணாச்சி நல்லபடியாகத்தான் பேசினார்.

"மழை நல்லாப் பேஞ்சிருக்கே. மக்காச்சோளம் எம்புட்டு ஒசரம் வந்திருக்கு?"

"விதைக்கல அண்ணாச்சி."

"ஏன்?"

"கமிஷன் வந்தாத்தான் விதைன்னு இருந்தோம். இப்ப மண்ணு காஞ்சா மல்லியத் தூவலாம்னு சொல்லுதாவ."

அவர் என்னையே பார்த்தார். "கிறுக்கி" என்றார். "போன மாசம் இங்கன நின்னு அம்புட்டுக் கத்து கத்துன. இத ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அன்னைக்கே அட்வான்ஸா எடுத்துக் குடுத்திருக்க மாட்டனா? இந்தப் பிள்ளைகளுக்கெல்லாம் தீவாளிக்கு முன்னாடியே சம்பளத்தக் குடுக்கலையா?"

ரசீதை அவர் பக்கம் தள்ளிவிட்டு வெளியே வந்து, ஸ்கூட்டி மேல் உட்கார்ந்து, அங்கேயே அழுதேன்.