துண்டு கிடந்த இடம்

செகரட்டேரியட்டில் கோட்டுக்குள்ளேயே வருஷத்தைக் கழிக்கும் ஸ்ரீவராகத்துப் பிச்சுமணி, சித்திரை லீவு வந்தால் மனைவி சீதாலக்ஷ்மியோடு பொன்முடியில் மைத்துனன் வீட்டுக்குப் போவார். மஞ்சு மூடிய மலையில் ஸ்வெட்டரைக் கழற்றமாட்டார். பஸ் வளைவுகளில் கவிழாமல் திரும்பிவிட்டால், மறுநாள் உச்சிவெயிலில் தோளில் ஒரு துண்டு மட்டும் போட்டு, வெற்றுடம்போடு கோயில் கோட்டையைச் சுற்றுவதாகப் பத்மநாபனுக்குப் பிரார்த்தனை. பஸ் ஒரு வருஷமும் கவிழவில்லை. சுற்றிய சாயங்காலமே மார்பிலும் கைகளிலும் சிவப்பாகத் தடித்து அரிப்பெடுப்பதும் ஒரு வருஷமும் தவறவில்லை.

“அந்தாத்து வெங்காய சாம்பார்தான்டா ரத்தத்தைக் கெடுக்கறது. இனிமே மலைப்பக்கமே போகப்படாது” என்றாள் அவர் அக்கா அனந்தலக்ஷ்மி.

பிறந்த வீட்டு வழியே அடைபட்டுவிடும் என்று பயந்த சீதாலக்ஷ்மி, கணவரை டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

சட்டையைக் கழற்றினால், தோளில் துண்டு கிடந்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. தினமும் வெயில் பழகிய முகத்திலும் ஒன்றுமில்லை.

“சாம்பார் துண்டைக் கண்டு ஒதுங்கிப் போகுமோ ஓய்?” என்றார் டாக்டர். “இது வெயில் செய்யற வேலை. மூடியே கிடந்த தோலைத் திடீர்னு கடும் வெயில்ல காட்டினா பொறுக்காது. சட்டை போட்டுண்டு நிழல்ல இரும், சில நாள்ல தானே அடங்கும். அடுத்த தடவை இளவெயில்ல கொஞ்சம் கொஞ்சமாப் பழக்கும்.”

மறுவருஷம் பிரார்த்தனை விடியற்காலைக்கு மாறியது. எழுப்பிவிட்டது சீதாலக்ஷ்மி. ஒரு தடிப்பும் இல்லை.

தம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் அனந்தலக்ஷ்மி. “பாத்தியா? நான் சொன்னது அந்தாத்துக் காதுல விழுந்திருக்கு. வெங்காயத்தை நிறுத்திட்டா!”

மலையில் மூன்று வேளையும் அதே சாம்பாரைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிச்சுமணி, அடக்கமாகத் தலையாட்டினார்.