தங்கை வீட்டு வாசலில் நின்ற தொட்டில்

எங்கள் குடும்பத்தில் யாருக்கு என்ன வரவேண்டியிருந்தாலும் என் போன் நம்பரைத்தான் கொடுப்பார்கள். கேஸ் சிலிண்டருக்கு என் நம்பர், சித்தப்பாவின் கண் ஆஸ்பத்திரிக்கு என் நம்பர். நான் செய்த ஒரே பாவம், அடித்தால் எடுத்துப் பேசுவது. தம்பி பெங்களூரில் மீட்டிங்கில் இருப்பான். தங்கை போனை அரிசி மூட்டை மேல் வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போயிருப்பாள். ஆக, ஊரில் உள்ள எல்லா அழைப்பும் என் தலையில்தான் வந்து விடியும்.

அன்றைக்கும் அப்படித்தான். அரூரில் நான் வேலை பார்க்கும் ஆபீசில் என் மேசை மீது மனுக்கள் குவிந்து கிடந்தன. காலையிலிருந்து ஒரு டீ கூட இறங்கவில்லை. முன்னால் நின்றவர் தன் பட்டாவில் அப்பா பெயர் தப்பாக இருப்பதை மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

“மேடம், பார்சலுங்க. வூடு பூட்டியிருக்குதுங்க.”

“நான் எதுவும் வாங்கலையே. எந்த ஊரு?”

கடத்தூருக்குப் பக்கத்தில் என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊரைச் சொன்னார். பெட்டி மேல் இருந்த தங்கையின் பெயரையும் படித்தார். நம்பர் மட்டும் என்னுடையது. இது தம்பியின் வேலை என்று அப்போதே தெரிந்துவிட்டது.

“என்ன பார்சலுங்க?”

“தொட்டிலுங்க.”

“ஆமா, தண்ணித் தொட்டிதான். அதுக்கு எதுத்த வூடு, பச்சைக் கேட்டு.”

“அய்ய, மேடம், நான் தொட்டிகிட்டதான் நிக்கறேன். பொட்டிக்குள்ள இருக்கறது தொட்டிலுங்க. கொழந்தைத் தொட்டில். வெளிய படமே பெருசாப் போட்டிருக்குது.”

பட்டாக்காரரை உட்காரச் சொல்லிவிட்டு வராந்தாவுக்கு ஓடினேன்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். தங்கைக்கு அப்போது ஒன்பதாம் மாதம். அம்மா இல்லாத வீடு எங்களுடையது. டாக்டரும் பஸ் பயணம் கூடாது என்று சொல்லியிருந்தார். அதனால் வளைகாப்பு முடிந்தும் தாய்வீடு வராமல் மாமியார் வீட்டிலேயே இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னாலும் இப்படித்தான் ஒரு எட்டாம் மாதம். அப்போது நான் ஆசை ஆசையாக தர்மபுரிக்குப் போய் கொசுவலை, குட்டிச் சட்டை, தொட்டில் துணி எல்லாம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அடுத்த வாரமே குழந்தை வயிற்றுக்குள் அசைவதை நிறுத்திவிட்டது. ஆஸ்பத்திரி நடையில் வைத்து அவள் மாமியார், “பொறக்கறதுக்கு முன்னாடியே வாங்கிக் குவிச்சா இப்புடித்தான் ஆவும்” என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் சுவரா வாங்கிக்கொண்டு போனது? அந்த வார்த்தை என்னை இன்றும் அறுக்கிறது. இந்தத் தடவை குழந்தை அழுகிற சத்தம் கேட்கும் வரை ஒரு சாக்ஸ் கூட வாங்குவதில்லை என்று இருந்தேன்.

அந்த வீட்டு வாசலில்தான், படம் போட்ட பெட்டியோடு, தொட்டில் வந்து நிற்கிறது.

வீடு பூட்டியிருந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். அன்று அவளுக்குச் செக்கப். புருஷனும் மாமியாரும் காரில் தர்மபுரிக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். போனில் பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா. “எங்கிட்ட குடுங்க தம்பி, அவிங்க வந்தா குடுத்துடறேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனுஷி, அதில்தான் வம்பே.

“யார்கிட்டயும் குடுத்துடாதீங்க!” என்று கத்தினேன். வராந்தாவில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“குடுக்க முடியாதுங்க மேடம். உங்க போனுக்கு ஓடிபி வந்திருக்கும். அதைச் சொன்னாத்தான் டெலிவரி ஆவும்.”

பார்த்தேன். காலையிலேயே வந்திருந்தது. பொருள் கைக்கு வந்த பிறகு மட்டும் இந்த எண்ணைச் சொல்லவும் என்று போட்டு, கீழே நாலு இலக்கம்.

“இது வேணாங்க. திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க.”

“வேணாம்னு போட்டா அதுக்குத் தனியா ஒரு ஓடிபி வருங்க மேடம். அதைச் சொன்னீங்கன்னா ரிட்டன் போயிடும், பணம் கட்டினவங்களுக்கே திரும்பிரும். போட்டுடட்டுங்களா?”

ஒரு நிமிஷம் இருங்கள் என்று சொல்லிவிட்டுத் தம்பிக்கு அடித்தேன். ஐந்து தடவை அடித்த பிறகு எடுத்தான்.

“சர்ப்ரைஸ்க்கா!” என்றான்.

“சர்ப்ரைஸா? உனக்கு மூளை இருக்குதா? குழந்தை பொறந்தப்புறம் அனுப்புனா ஆவாதா? அவ மாமியார் பார்த்தா என்ன ஆவும்னு யோசிச்சியா?”

“நல்ல தொட்டில்க்கா. ரோஸ்வுட் கலரு. மூணு மாசமா பார்த்து வெச்சிருந்தேன்” என்றான், ஏதோ தப்புச் செய்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. “இப்ப அட்ரசை மாத்த முடியாதுக்கா. வண்டியில ஏறிட்டா என் பக்கத்துல எதுவும் ஓடாது. வாசல்ல வேணாம்னு சொல்லித் திருப்புனாத்தான் உண்டு. உன் இஷ்டம்.”

என் இஷ்டமாம். எல்லா முடிவும் கடைசியில் என் இஷ்டத்தில் வந்து முடியும். அலுத்துப்போய்விட்டது எனக்கு. அவனை நோகடிக்கவும் மனசு வரவில்லை, அந்தப் பெட்டியை உள்ளே விடவும் துணிவில்லை. மறுபடி டெலிவரிக்காரரை அழைத்து, இன்றைக்கு யாரும் இல்லை என்று போட்டுவிடுங்கள், நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

“சரிங்க மேடம். நாளைக்கும் எடுத்துட்டு வர்றேன். மூணு தரம் பார்ப்போம், அப்புறம் அதுவாவே ரிட்டன் போயிடும்” என்றார். பாவம், அவர் குரலிலும் என் குரல் மாதிரியே ஒரு களைப்பு இருந்தது. அந்தப் பெரிய பெட்டியைத் திரும்பவும் வண்டியில் ஏற்றிக் கட்டவேண்டும் அவர்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு திட்டம் போட்டேன். நாளைக்கும் ஆளில்லை என்று சொல்ல வேண்டியது, மறுநாளும் அப்படியே. யாருக்கும் மனவருத்தம் இல்லாமல் பெட்டி தானே போய்விடும். குழந்தை பிறந்ததும் அதே தொட்டிலை வாங்கிக் கொடுத்தால் போயிற்று. இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அப்போது தங்கை அழைத்தாள்.

“அக்கா, செக்கப் நல்லபடியா ஆச்சு. புள்ள நல்லாத் துடிக்குதாம்.”

“அப்பாடா. சாப்பிட்டியா?”

“ம். பக்கத்து வூட்டு அக்கா சொன்னாங்க. தொட்டில் வந்துச்சாமா?”

நான் பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தேன்.

“நீ வேணாம்னு கத்துனியாமா. அந்த அண்ணன் போனை ஸ்பீக்கர்ல வெச்சிருந்தாராம்.”

“இல்லடி, அது... தம்பிக்கு விவரம் பத்தல. பொறந்தப்புறம் வாங்கிக்கலாம்னுதான். உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்.”

அவள் மூச்சு வாங்குவது கேட்டது. இப்போதெல்லாம் இரண்டு வார்த்தை பேசினாலே அவளுக்கு இரைக்கும்.

“ஒம்போது மாசமா இந்த வூட்டுல யாரும் கொழந்தைன்னே சொல்லறதில்லக்கா. 'நல்லபடியா முடியட்டும்'னுதான் சொல்றாங்க. பேரு பத்திப் பேச மாட்டாங்க. தொட்டில் எங்க கட்டறதுன்னு பேச மாட்டாங்க. நான் ரெண்டு சட்டை வாங்கி அரிசி டிரம்முக்குள்ள ஒளிச்சு வெச்சிருக்கறேன். திருடி மாதிரி.” கொஞ்சம் நிறுத்தினாள். “தம்பி ஒருத்தன்தான் கொழந்தை வரும்னு நெனைச்சு வாங்கி அனுப்பியிருக்கான். நீயும் நம்பலையாக்கா?”

என் பஸ் வந்தது. ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்று தெரிந்தும் ஏறவில்லை. அவளிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. என்னத்தைச் சொல்லியிருப்பேன்? நம்புகிறேன் என்று சொன்னால் பொய். பயந்து செத்துக்கொண்டிருக்கிறேன் என்று வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் சொல்ல முடியுமா? இத்தனை நாளும் அவளைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அங்கே தன்னந்தனியாக அரிசி டிரம்மைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு என் மேலேயே வெறுப்பாக வந்தது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு டெலிவரிக்காரரின் நம்பரிலிருந்து போன் வந்தது. அன்றைய ஓடிபி காலையிலேயே வந்துவிட்டது. சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துத்தான் எடுத்தேன். ஆனால் பேசியது அவர் இல்லை.

“கண்ணு, நான் அத்தை பேசறேன்.”

தங்கையின் மாமியார்.

“அத்தை, தம்பிக்கு இதெல்லாம் தெரியாதுங்க. தெரியாம அனுப்பிட்டான். நீங்க ஒண்ணும் மனசுல...”

“அந்த நம்பரைச் சொல்லு கண்ணு. அவுரு வெயில்ல நிக்கறாரு.”

“இல்லீங்கத்தை, அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீங்க...”

சொல்லியிருக்கக்கூடாது. இரண்டு வருஷமாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தவள், அந்த நேரத்தில் போய் உளறிவிட்டேன். போனில் எங்கோ ஒரு டிராக்டர் போனது மட்டும் கேட்டது.

“அன்னிக்கு வவுத்தெரிச்சல்ல என்னவோ சொல்லிப்புட்டேன்” என்றார் கடைசியில். “நீ வாங்கியாந்ததுனாலயா போச்சு? எனக்கு யாரையாச்சும் திட்டணும்னு இருந்துச்சு. எனக்கும் பயந்தான் கண்ணு. ஆனா அவ காத்தாலயிருந்து வாசப்படியிலயே உக்காந்திருக்கறா. எந்திரின்னாலும் எந்திரிக்க மாட்டேங்கறா. சொல்லு.”

சொன்னேன். முதல் தடவை இரண்டாவது இலக்கத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன், எடுக்கவில்லை என்றார் டெலிவரிக்காரர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, திரும்பவும் நாலையும் சொன்னேன். பயம் கொஞ்சமும் குறையவில்லை. பயந்துகொண்டேதான் சொன்னேன்.

போனை அத்தை இன்னும் கையில்தான் வைத்திருந்தார் போலிருக்கிறது. பெட்டியைப் படியில் தூக்கி வைக்கும் சத்தம் கேட்டது. அதற்கும் பின்னால், மூச்சிரைக்க, என் தங்கையின் குரல்.

“அக்கா சொல்லிட்டாளா?”

“சொல்லிட்டா, சொல்லிட்டா. நீ கையை எடு, நான் புடிக்கறேன்.”