டீ பாக்கெட்டின் பின்பக்கம்

எங்கள் வீட்டில் மலையாளத்தில் எது வந்தாலும் என்னிடம்தான் வரும். கரண்ட் பில், ரேஷன் கடை நோட்டீஸ், மருந்துச் சீட்டு, எல்லாம். மலையாளத்து எல்லை ஊரான நல்லேப்பிள்ளியில் பிறந்த எங்கள் இருவரில் அக்கா தமிழ் மீடியம். எனக்காவது அரசாங்க வேலை கிடைக்கட்டும் என்று அப்பா என்னை மலையாளத்தில் சேர்த்தார். கிடைத்தது. சித்தூரில் ஒரு ஆபீசில் குமாஸ்தா. ஆனால் எனக்குப் பொறுமை கிடையாது. யார் காகிதத்தை நீட்டினாலும் தலைப்பைப் பார்த்து நாலு வார்த்தை சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

அக்காவுக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஷிஃப்டில் நினைத்தபோது எழுந்து போக முடியாது. அதனால் தண்ணீரே குடிக்கமாட்டாள். மலச்சிக்கல் வராமல் என்ன செய்யும்? பிரஷருக்கும் தினமும் ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தாள். மற்றபடி அவளைப்போல ஒரு சுத்தக்காரியை நான் கண்டதில்லை. கழுவிய பாத்திரத்தையே இன்னொரு தடவை கழுவுவாள். நாங்கள் எல்லோரும் அவளைக் கேலி செய்வோம்.

அந்தச் சுத்தத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். வேலந்தாவளத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச உடல் பரிசோதனை என்று முகாம் போட்டிருந்தார்கள். அங்கே மேடையில் நின்ற ஒருத்தர், நம் குடல் சுவரில் வருஷக்கணக்கான கழிவு கிலோக்கணக்கில் ஒட்டிக்கிடக்கிறது, எல்லா நோய்க்கும் அதுதான் வேர் என்றாராம். திரையில் கறுப்பாகப் படம்கூடக் காட்டினார்களாம். திரும்பி வந்த அக்காவின் முகம் செத்திருந்தது.

"ஊட்டை நாளைக்கு ரெண்டு தடவ கூட்டறேன் கண்ணு. உள்ளுக்குள்ள இத்தன குப்பைய வெச்சுட்டுத் திரிஞ்சிருக்கறேன் பாரு" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை நான் பஸ்ஸுக்கு ஓடும் நேரம் முகாமில் வாங்கிய இரண்டு பாக்கெட்டோடு வந்து வாசலில் நின்றாள். ஒன்று டீ, இன்னொன்று ஒரு பொடி. "என்ன எழுதியிருக்குது, படிச்சுச் சொல்லீட்டுப் போ" என்றாள். முன்பக்கம் கொட்டை எழுத்தில் நூறு சதவீதம் இயற்கை என்றிருந்தது. பின்பக்கம் எறும்பு ஊர்வது மாதிரி பொடி எழுத்து. பஸ் ஹாரன் கேட்டது.

"பச்செலதானுக்கா. காத்தால ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு. ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

முதல் வாரம் அக்காவுக்கு ஒரே சந்தோஷம். வயிறு காற்று மாதிரி லேசாக இருக்கிறது என்றாள். ஒருநாள் மக்கில் எதையோ எடுத்துவந்து காட்டினாள். கொழகொழவென்று, கயிறு மாதிரி நீளமாக. "பாத்தியா, பழைய கழிவு. ஒட்டீட்டிருந்தது கழண்டு வருது." தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். ஆனால் கண்ணால் பார்த்ததை எப்படி இல்லையென்பது? நானும் நம்பினேன்.

முகாம் போட்டவர்களுக்கு ஒரு வாட்ஸாப் குழு இருந்தது. கோச் என்று ஒரு பெண், தினமும் மலையாளத்தில் குரல் செய்தி அனுப்புவாள். அதைத் தமிழில் சொல்வதும் என் வேலையாகிவிட்டது. இரண்டாம் மாதம் அக்காவுக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. குழுவில் எழுதிக் கேட்கச் சொன்னாள், கேட்டேன். சோர்வு நல்ல லட்சணம், கழிவு இளகி வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும், பாதியில் நிறுத்தினால் எல்லாம் ரத்தத்தில் கலந்துவிடும் என்று பதில் வந்தது. இதை ஒரு எழுத்து விடாமல் அக்காவுக்குச் சொன்னது நான்தான். அந்தப் பொய் என் வாயால் அவள் காதுக்குப் போனது.

அப்புறம் டீ குடித்தாலும் வயிறு அசையவில்லை. கழிவு அடியில் இறுகியிருக்கிறது, எனிமா எடுங்கள் என்றாள் கோச். அக்கா ஒரு எனிமா கிட் வாங்கி, தினமும் காலையில் குளியலறையில் தண்ணீர் ஏற்றிக்கொண்டாள். டீயையும் விடவில்லை. மூன்றாம் மாதம் அது இல்லாமல் அவளுக்கு வெளிக்குப் போகவே வரவில்லை. "சனியனே, ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா" என்று கத்தினேன். "இன்னும் கொஞ்சந்தான் கண்ணு, சுத்தமாயிரும்" என்றாள்.

ஒருநாள் காலையில் சமையலறையிலேயே விழுந்தாள். அக்கா வீட்டுக்காரர், மாமாவும் நானும் ஆட்டோவில் தூக்கிப்போனோம். ரத்தம் பார்த்த டாக்டர், பொட்டாசியம் என்கிற உப்பு மிகவும் குறைந்துபோயிருக்கிறது, இதயத் துடிப்பு தாறுமாறாக இருக்கிறது என்றார். என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

அந்த டீயில் இருப்பது நிலாவாரை இலை, அது குடலைப் பிடித்து உலுக்கித் தள்ள வைக்கும், கூடவே தண்ணீரும் பொட்டாசியமும் போய்விடும் என்றார். அக்காவின் பிரஷர் மாத்திரையும் சிறுநீரில் அதே உப்பை வெளியேற்றும் வகையாம். அதற்குமேல் தினம் எனிமா. தசைக்கும் இதயத்துக்கும் அந்த உப்பு வேண்டும். கால் இழுத்ததும் நெஞ்சு அடித்ததும் அது குறைந்ததால்தான், கழிவால் இல்லை. குடலில் வருஷக்கணக்காக எதுவும் ஒட்டியிருக்காது, அதன் உள்தோல் சில நாளுக்கொரு தடவை தானே புதிதாகும், ரத்தத்தைச் சுத்தம் செய்ய ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன என்றார். மலச்சிக்கலுக்கு முதலில் தண்ணீர், கீரை, நேரத்துக்குப் போவது, அதிலும் சரியாகாவிட்டால் ஒரு டாக்டர். இவ்வளவுதான்.

"அப்ப அந்தக் கயிறாட்டம் வந்தது என்னங்க?" என்றேன்.

"அந்தப் பொடியைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்" என்றார்.

டிரிப் ஏற்றினார்கள். அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் பேசினாள். துணி அழுக்காக இருக்கிறது, மாற்றுச் சேலை கொண்டு வா என்றாள். மறுநாள் காலை நான் சேலையோடு போகுமுன் இதயம் நின்றுவிட்டது. எவ்வளவோ முயன்றிருக்கிறார்கள். அவள் கேட்ட அந்தச் சேலையைத்தான் கட்டி அனுப்பினோம்.

காரியமெல்லாம் முடிந்தபின் ஒருநாள் அக்கா வீட்டுச் சமையலறையில் அந்தப் பொடியை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் உப்பிக் கொழகொழத்தது. கரண்டியால் தூக்கினேன். நீளமாகத் தொங்கியது. அக்கா மக்கில் காட்டிய அதே கயிறு. காலையில் விழுங்கிய பொடியைத்தான் பழைய கழிவென்று அவள் அருவருத்திருக்கிறாள். அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

மாமா வந்து பார்த்தார். ஷெல்ஃபிலிருந்த டீ பாக்கெட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். அவருக்கும் மலையாளம் படிக்க வராது.

"இதுல என்னதான் எழுதியிருக்குது, படிச்சுச் சொல்லு அம்மிணி."

இந்தத் தடவை திருப்பிப் பிடித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். நிலாவாரை இலை இத்தனை. தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் குடிக்கக்கூடாது. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக்கூடாது.

மாமா பாக்கெட்டை வாங்கி அந்தப் பொடி எழுத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது மொதல்லிருந்தே இதுல இருந்துச்சா?"

"இருந்துதுங் மாமா" என்றேன்.