எல்லாச் சொல்லுக்கும் ஒரே அழுத்தம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், வகுப்பில் கரும்பலகையிலிருந்து திரும்பியவள் அப்படியே சாய்ந்துவிட்டேன். அப்போது மேற்குத் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். சிறுமூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது என்றார்கள். உயிருக்கும் நினைவுக்கும் சேதமில்லை. நடை தள்ளாடியது, கை நடுங்கியது, பேச்சு மாறிப்போயிற்று.

பேச்சு போகவில்லை, மாறிற்று. எல்லாச் சொற்களும் தெரிந்தன. வாக்கியம் மனசுக்குள் ஒழுங்காகவே உருவாகியது. வெளியே வரும்போதுதான் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, ஒரே கனத்தோடு விழுந்தது. "கொஞ்சம் தண்ணி வேணும்" என்று கேட்டால், பரீட்சை ஹாலில் பிடிபட்ட பெண்ணை அதட்டுவது போலிருக்கும். வீட்டில் கணவர், மகள் எல்லாரும் ஒரு கணம் விறைத்துப்போவார்கள். எனக்கும் காது கேட்கிறதல்லவா? கேட்டுக்கொண்டே திருத்த முடியாமல் இருப்பேன்.

என் தங்கை பல்லாவரத்தில் அம்மாவோடு இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிண்டியில் ஒரு கம்பெனியில் பல வருஷமாக டைப்பிஸ்ட். நான் ஆஸ்பத்திரியிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம் வீட்டுக்கு வந்த வாரமே அவளும் பெட்டியோடு வந்துவிட்டாள். குளிக்க வைப்பது, சோறு பிசைந்து கொடுப்பது, சுவரைப் பிடித்தபடி நடக்கப் பழக்குவது எல்லாம் அவள்தான். லீவு போட்டிருக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் தலை வாரிவிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"வேலைய விட்டதப் பத்தி நீ ஒண்ணும் நெனச்சுக்காதக்கா. நீ கேட்டேன்னு மாமா வந்து சொன்னதும் எனக்கு ரெண்டாவது யோசனையே வரல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கேட்கவேயில்லை. ஆஸ்பத்திரியில் நான் மயக்கத்தில் கிடந்த முதல் நாட்களில் என் கணவர் பல்லாவரம் போய், என் பெயரைச் சொல்லி அவளை வேலையை விடச் சொல்லியிருக்கிறார். அது அந்த நிமிஷம் விளங்கியது. அவளிடம் அதைத்தான் சொல்ல வந்தேன். கேட்டது நானில்லை, வேறு ஆள் என்று. மனசுக்குள் முழு பாரமும் 'நான்' என்ற முதல் சொல்லில்தான் இருந்தது. வாயிலிருந்து வந்ததோ இப்படி:

"நான். உன்ன. வேலைய. விடச். சொல்லல."

ஐந்து அடி, ஐந்தும் ஒரே மாதிரி. சீப்பு என் தலையில் நின்றது. பிறகு மெதுவாகப் பின்னலை முடித்து, ரிப்பன் கட்டி, எழுந்து உள்ளே போனாள். நான் "அவர்" என்று தொடங்குவதற்குள் மூச்சு உடைந்து நாக்கு சிக்கிக்கொண்டது. மத்தியானம் சாப்பாடு போட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, பெட்டியோடு பஸ் ஏறிவிட்டாள். உன்னை யார் வரச் சொன்னார்கள் என்று அக்கா கேட்டதாக அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அது பிறகு தெரிந்தது.

அன்று சாயங்காலம் கணவரிடம் கேட்கப் பார்த்தேன். எதைச் சொன்னாலும் திட்டுவது போலவே ஒலித்ததால், டாக்டர் டென்ஷன் ஆகக் கூடாது என்றிருக்கிறார் என்று சொல்லி விசிறியை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார். எழுதிக் காட்டலாமென்றால் பென்சில் கோழி கிளறினது போலக் கிறுக்கியது.

குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியின் மாடியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். சின்ன வயசு. வாரத்தில் சில நாள் கணவர் என்னை ஆட்டோவில் கூட்டிப்போவார். அவள் முதலில் எளிய வாக்கியத்தில் பழக்கினாள். "அப்பா நேத்து மீன் வாங்கினார்." யார் வாங்கினது என்று கேட்டால் 'அப்பா' எடுப்பாக வர வேண்டும். எப்ப என்றால் 'நேத்து'. என்ன என்றால் 'மீன்'. யாராவது கொடுத்தார்களா என்றால் 'வாங்கினார்'. கேள்வி எதைத் தேடுகிறதோ அந்தச் சொல்லுக்குத்தான் முக்கிய அழுத்தம். அதற்குப் பின்னால் வருவதெல்லாம் தாழ்ந்து ஓடிவிட வேண்டும் என்றாள். அழுத்தம் என்றால் கத்துவது இல்லையாம். குரலை ஏற்றி இறக்க எனக்குப் பிடி கிடைக்காததால் வேறு வழி காட்டினாள். அந்தச் சொல்லைக் கொஞ்சம் நீட்டு, அதன் பக்கத்தில் சின்ன இடைவெளி விடு, மேஜையில் விரலால் ஒரு தட்டு தட்டு, மற்றதை விரைவாகச் சொல்லிவிடு.

"தான்" சேர்த்துக்கொண்டால் போதாதா என்று என் கணவர் கேட்டார். அப்பாதான், நேத்துதான் என்று. அதுவும் நல்ல வழிதான், முடிந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளட்டும் என்றாள். ஆனால் நாம் பேசுவதில் பாதிக்கு மேல் 'தான்' இல்லாமல் குரலாலேயே நடக்கிறது, அதை விட்டுவிட முடியாது என்றாள்.

சில வாரம் போனபின், வீட்டில் சொல்ல நினைத்துச் சரியாக வராத வாக்கியம் ஏதாவது இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம் என்றாள். நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவளுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல வாக்கியம் என்று சந்தோஷப்பட்டு, தானே ஐந்து விதமாகச் சொல்லிக் காட்டினாள். 'உன்ன' எடுப்பாக இருந்தால் வேறு யாரையோ விடச் சொன்னேன். 'வேலைய' என்றால் வேறு எதையோ. 'விட' என்றால் லீவு மட்டும்தான் போடச் சொன்னேன். 'சொல்லல' என்றால் மனசில் இருந்திருக்கலாம், வாயால் சொல்லவில்லை. 'நான்' என்றால் சொன்னது வேறு ஆள். ஒரு வாக்கியத்துக்குள் ஐந்து வீடு போலிருந்தது. அத்தனைக்கும் வெளியே, வாசலில், என் தங்கையை நிறுத்திவிட்டேனே என்று நினைத்தேன்.

கேள்வி கேட்கும் வேலையை அவள் என் கணவரிடம் கொடுத்தாள். அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"நீயா அவள வேலைய விடச் சொன்ன?"

நான் விரலைத் தட்டினேன். 'நான்' நீண்டு வந்தது. சின்ன இடைவெளி. மீதியெல்லாம் ஒரே சரிவில் இறங்கிப்போயிற்று. நோய்க்குப் பிறகு நான் நினைத்தபடியே வெளியே வந்த முதல் வாக்கியம் அது.

அவர் தலை குனிந்தார். "நான்தான் சொன்னேன்" என்றார்.

"சார், நீங்க கேள்வி மட்டும் கேளுங்க, பதில் மேடம் சொல்லட்டும்" என்றாள் அந்தப் பெண். பிறகு எங்கள் முகத்தைப் பார்த்து, டேப் ரெக்கார்டரில் ஏதோ சரிசெய்வதுபோல் திரும்பிக்கொண்டாள்.

ஆட்டோவில் வரும்போது அவரே பேசினார். என்னைத் தனியாகப் பார்த்துக்கொள்ள முடியுமென்று அவருக்குத் தோன்றவில்லை. மச்சினியிடம் தானாகக் கேட்கக் கூச்சம். அக்கா கேட்டாள் என்றால் மறுக்க மாட்டாள் என்று தெரியும். உன்னிடம் சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தேன், நீ பேசுவதைக் கேட்டால் பயமாக இருந்தது என்றார். அவர்மேல் கோபமிருந்தது. அழுத அவர் கண்ணைப் பார்க்கவும் முடியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவர் பல்லாவரம் போனார். சாயங்காலம் தங்கையும் கூடவே வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா எல்லாத்தையும் சொல்லிட்டாரு. புரியுது. ஆனா அன்னிக்கு நீ சொன்னது என் காதுல அப்படியேதான்கா இருக்கு. போக மாட்டேங்குது."

"தெரியும்" என்றேன். ஒற்றைச் சொல் என்பதால் எளிதாக வந்தது.

பழைய கம்பெனி அவளைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருஷம் மறைமலை நகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை ஆபீஸில் வேலை கிடைத்தது. சம்பளம் குறைவு, பயணம் அதிகம். நான் பள்ளிக்குத் திரும்பினேன், வகுப்புக்கில்லை, நூலகத்துக்கு. பேச்சு ஓரளவு தேறியது. களைத்துவிட்டால் பழையபடி ஒவ்வொரு சொல்லும் ஆணி அடித்தது போல விழும். அப்போது வீட்டில் யாரும் விறைப்பதில்லை, என் மகள்கூட, "எந்த வார்த்தைம்மா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். நான் மேஜையைத் தட்டிக் காட்டுவேன். தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தாள். தலை வாரிவிட்டாள். வேலையைப் பற்றி மட்டும் அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.