லீஸ் இல்லம்மா

கள்ளிக்குப்பத்தில் வாடகை ஒப்பந்தம் டைப் அடித்துக் கொடுக்கும் கடை என்னுடையது. தென்காசியிலிருந்து வேலைக்கு வந்து முதல்முறையாக வீடு எடுத்த ஒரு பெண், தாளைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணா, லீவ் அண்ட் லைசென்ஸ்னு இருக்கே, இது லீஸ்தானா?"

இங்கே லீஸ் என்றால் மொத்தமாகப் பணம் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் இருப்பது. எனக்குப் பசி வேறு. "லீஸ் இல்லம்மா, மாச வாடகைதான். கையெழுத்துப் போடு" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தாள். அவள் ஆபீஸ் போயிருந்தபோது வீட்டுக்காரர் தன் சாவியால் திறந்து உள்ளே போயிருக்கிறார். கேட்டதற்கு ஒப்பந்தத்தைக் காட்டினாராம். அவர்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

அன்றுதான் ஒழுங்காகச் சொன்னேன். சட்டப்படி லீஸ் என்றால், மாத வாடகை கொடுத்தாலும், அந்தக் காலம் முடியும்வரை வீடு உன் வசம். லைசென்ஸ் என்றால் தங்கிக்கொள்ள அனுமதி மட்டும். வீடு அவர் வசமே இருக்கும். ஆனால் கோர்ட் தலைப்பை மட்டும் பார்க்காது, உள்ளே இருக்கும் ஷரத்துகளையும் பார்க்கும்.

அவள் தாளை விரித்து, ஒரு சாவி உரிமையாளரிடம் இருக்கும் என்ற ஷரத்தில் விரல் வைத்தாள். "இது அவர் சொன்னதாண்ணா?"

அவர் தலைப்பை மட்டும்தான் சொல்லியிருந்தார். அந்த வரி என் கம்ப்யூட்டரில் பழைய ஃபைலில் கிடந்தது. நான் பெயரை மட்டும் மாற்றியிருந்தேன்.