தோட்டைக் கழற்றிய காது

சர்மிளாவின் வலது காதில் தோடு இல்லாமல் போய் ஐந்து நாளாகியிருந்தது. மலையில் கொழுந்து எடுக்கும்போது தொலைத்துவிட்டாள் என்று தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பேசிக்கொண்டார்கள். தோடு தொலையவில்லை. சீனி டப்பாவுக்குப் பின்னால் ஒரு துணியில் முடிந்து பத்திரமாக வைத்திருந்தாள். காது மடலைத் தொட்டால் போதும், தாடை வரைக்கும் வலி இழுத்தது. அதில் தோட்டை எங்கே மாட்டுவது?

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மேலாளரான துரை முன்னிலையில் அவள் நீந்திக் காட்ட வேண்டும்.

நீர்த்தேக்கத்துக்கு இந்தப் பக்கம் லயம், அந்தப் பக்கம் தேயிலை மலை. பெண்கள் காலையில் படகில் போய் மாலையில் படகில் திரும்புவார்கள். இருபத்தாறு வருடமாகப் படகு ஓட்டிய நல்லமுத்துவுக்கு முழங்கால் விட்டுப்போய், மாதக் கடைசியோடு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டார். நீந்தத் தெரிந்த ஆள் கிடைக்காவிட்டால் படகை நிறுத்திவிடுவதாகத் தோட்ட நிர்வாகம் சொன்னது. பிறகு ஏழு மைல் ரோட்டைச் சுற்றி நடக்க வேண்டியதுதான். நீந்தத் தெரிந்த இளவட்டங்கள் எல்லாம் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். அப்போதுதான் சர்மிளா கையைத் தூக்கினாள்.

தூக்கியதும் சிரிப்புத்தான். முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள், கணவன் கஜேந்திரன் கொழும்பில் ஹோட்டல் வேலை. கொழுந்து எடுக்கிறவளுக்கு இது என்ன புது ஆசை என்றார்கள். ஆனால் இது ஆசை இல்லை. லயத்தில் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் சிரித்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதக் காற்றில், மாலைப் படகு கவிழ்ந்தது. பதினொரு பேர் இருந்தார்கள், பத்துப் பேர் வந்து சேர்ந்தார்கள். வராதவள் சர்மிளாவின் தங்கை சுலக்ஷனா. அன்று காய்ச்சல் என்று வேலைக்குப் போகாத சர்மிளா, துறையில் நின்றுகொண்டிருந்தாள். "அக்கா" என்று தங்கை கூப்பிட்டது நன்றாகக் கேட்டது. இரண்டு தடவை கேட்டது. தண்ணீர் இவளுக்கு இடுப்பளவு வந்ததும் கால்கள் அதற்கு மேல் போகவில்லை. மூன்றாவது தடவை கேட்கவில்லை.

அந்தத் துக்கத்தைத் தூக்கிக்கொண்டுதான் எட்டு மாதத்துக்கு முன்னால் நல்லமுத்துவிடம் போய் நின்றாள். அவர் அவள் இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையைப் படகில் பிடித்துக்கொண்டு, "கால உதறு தாயி, கால உதறு" என்று கத்திக் கத்தியே நீந்தக் கற்றுக் கொடுத்தார். கணவனின் பழைய டீ சட்டையும் காற்சட்டையும் போட்டுக்கொண்டு அவள் தண்ணீரில் இறங்குவதை லயமே வேடிக்கை பார்த்தது. மாமியார் மீனம்மா முதல் மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாவது மாதம் தலை துவட்டத் துவாயோடு துறையில் நின்றாள்.

பரீட்சை நெருங்க நெருங்க நாளுக்கு இரண்டு தடவை நீந்தினாள். காது முதலில் அரித்தது. கொண்டை ஊசியின் வளைந்த பக்கத்தை விட்டுக் குடைந்தாள், சுகமாக இருந்தது. மறுநாளும் குடைந்தாள். மூன்றாம் நாள் அரிப்புப் போய் வலி வந்தது. தண்ணீர் உள்ளே நின்றுவிட்டது என்று மீனம்மா பூண்டு போட்டுத் தேங்காய் எண்ணெய் காய்ச்சி ஊற்றி, மேலே பஞ்சையும் திணித்துவிட்டாள். அதற்கு மேல் மலையில் நாள் முழுக்க மழைக்குப் போர்த்தும் கொங்காணி, அது நனைந்து காதோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. கூடைக் கயிறு தலையில் இழுபடும்போதெல்லாம் கொங்காணி மடலை இழுத்தது, அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். சாப்பாட்டை மென்றாலும் வலித்தது. வலது பக்கம் எல்லாமே சுவருக்கு அந்தப்பக்கம் இருந்து பேசுவதுபோல் கேட்டது.

காது கேட்பதில்தான் விஷயமே இருந்தது. பனிமூட்டம் மூடினால் நீர்த்தேக்கத்தில் படகின் மூக்குக்கூடத் தெரியாது. அப்போது எஞ்சினை நிறுத்திவிட்டு, கரையில் நிற்பவர்கள் கூப்பிடும் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேட்டுத்தான் படகைத் திருப்ப வேண்டும். "ஒரு காதுல சத்தம் கேக்கும் தாயி. ரெண்டு காது இருந்தாத்தான் பக்கம் தெரியும்" என்று நல்லமுத்து அவளுக்கு முதல் நாளே சொல்லியிருந்தார்.

புதன்கிழமை மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வலது பக்கம் நின்று அவளை மூன்று தடவை கூப்பிட்டார். அவள் திரும்பவில்லை. நான்காவது தடவை அவர் சத்தம் போட, மலையே திரும்பிப் பார்த்தது.

"காது கேக்காத ஆள நம்பி எப்புடி படகக் குடுக்குறது? டிஸ்பென்சரில காது நல்லாருக்குன்னு துண்டு எழுதி வாங்கிட்டு வா. துண்டு இல்லாம ஞாயித்துக்கெழம துறைக்கு வராத" என்றார்.

சர்மிளாவுக்கு, தண்ணீருக்குள் தலையை முக்கினால் செவிப்பறை கிழிந்துவிடும் என்று யாரோ சொன்னது ஞாபகம் வந்தது. கிழிந்துதான் போயிருக்கும் என்று நம்பினாள். அன்று இரவு அவள் அழுதது கஜேந்திரனுக்குத் தெரியாது, போனில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றித்தான் பேசினாள்.

வியாழக்கிழமை காலை, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு முன்னால் டிஸ்பென்சரிக்குப் போனாள். அங்கே மருந்து கொடுப்பவர் றோலண்ட் ஐயா, அவரும் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்தான். ஞாயிறு பூசையையும், நோயாளியைக் கேள்வி கேட்பதையும் அவர் விடவே மாட்டார்.

"எத்தன நாளா?"

"அஞ்சாறு நாளுங்க ஐயா."

"மூக்கு ஒழுகித் தடிமல், காய்ச்சல் ஏதும் இருந்துச்சா?"

"இல்லீங்க."

"சின்ன வயசுல காதுல சீழ் வடிஞ்சிருக்கா? அடி கிடி பட்டிருக்கா? ரத்தத்துல சீனி வருத்தம் இருக்கா?"

எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள். சிரிக்கச் சொல்லி முகத்தைப் பார்த்தார். காதுக்குப் பின்னால் உள்ள எலும்பை அழுத்தினார், அங்கே வலியும் இல்லை வீக்கமும் இல்லை. பிறகு இடது மடலைப் பிடித்து மெல்ல மேலும் கீழும் இழுத்தார். அவள் சும்மா இருந்தாள். வலது மடலைத் தொட்டு இழுத்தார். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சின்னக் குமிழை விரலால் அழுத்தினார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

றோலண்ட் ஐயாவோ வாங்கின மீன் நல்ல மீன் என்று தெரிந்தவர்போல முகம் மலர்ந்தார். அவளுக்குக் கோபமே வந்தது.

"கோவிக்காதம்மா. இழுக்குறப்ப உசிரு போற மாதிரி வலிச்சுதுன்னா, நோவு பெரும்பாலும் வெளிக்காதுல, பறைக்கு முன்னாடி இருக்குற குழாயில. பறைக்குப் பின்னாடி நோவுன்னா மடல இழுக்குறதால இப்புடித் துள்ள மாட்ட. அதுக்குத் தடிமல், காய்ச்சலும் வந்திருக்கும்."

டோர்ச்சு வைத்த குழலை மெல்ல விட்டுப் பார்த்தார். உள்ளே சிவந்து வீங்கி வழி குறுகியிருந்தது, எண்ணெயும் வெள்ளைக் கசடும் ஒட்டிக் கிடந்தன. "என்னா ஊத்துன?" என்றார். சொன்னாள். கொண்டை ஊசியையும் சேர்த்துச் சொன்னாள், சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

"தண்ணி ஊற வச்சுது, நீ சுரண்டிப் புண்ணாக்குன, மாமியார் எண்ணெய ஊத்தி மூடி வச்சாங்க. ஈரம் போற வழியே இல்ல. கிருமிக்கு வேற என்ன வேணும்?"

"பறை கிழிஞ்சிருச்சா ஐயா?"

"வீக்கத்துல முழுசாத் தெரியல. தெரியாததத் தெரியும்னு சொல்ல மாட்டேன். ஆனா கிழிஞ்ச மாதிரி ஒண்ணும் படல. வழி அடைச்சிருக்கு, அதான் மந்தமாக் கேக்குது. வீக்கம் எறங்குனா கேக்கும்."

கசடை மெதுவாகத் துடைத்தெடுத்தார். சொட்டு மருந்து கொடுத்து, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு காதில் விட வேண்டும், விட்டபின் முன்குமிழை நாலு தடவை அமுக்க வேண்டும், ஐந்து நிமிடம் எழும்பக் கூடாது என்று செய்தே காட்டினார். முகம் கோணினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, காதுக்குப் பின்னால் வீங்கினாலோ பெரியாஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்றார்.

"பத்து நாளைக்குக் காதுல தண்ணி படக் கூடாது. குளிக்கிறப்ப பஞ்சுல வாசலின் தடவி வச்சுக்க, குளிச்சதும் எடுத்துரு."

"ஞாயித்துக்கெழம நீந்தணுங்க."

"அது முடியாது."

அவள் கெஞ்சினாள். ஒரே ஒரு நாள் என்றாள், துண்டில் நல்ல காது என்று மட்டும் எழுதச் சொன்னாள். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பொய் எழுதுனா ஞாயித்துக்கெழம பாஸ் பண்ணுவ. அப்புறம் புண்ணு பெருத்து, மூட்டத்துல பக்கம் தெரியாம நிப்ப. அப்ப யாரு கூப்பிட்டாலும் போய்ச் சேர மாட்ட."

அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. வெளிக்காதில் புண், பத்து நாள் தண்ணீர் ஆகாது, ஆறிய பிறகு பார்த்துச் சொல்லப்படும் என்று அவர் எழுதினார். வேலை போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டு நடந்தாள்.

துண்டை முதலில் வாங்கிப் படித்தவர் நல்லமுத்து. படித்துவிட்டுத் தடியை ஊன்றிக்கொண்டு துரையின் பங்களாவுக்கு ஏறினார். அந்த முழங்காலோடு அவர் அத்தனை படி ஏறியதை அன்று பார்த்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள்.

"ரெண்டு கெழம, பதினாலு நாளு, நான் ஓட்டுறேங்க தொரை. அந்தப் புள்ளயத் தவிர வேற ஆள் வேணாம்."

துரை காலண்டரைப் பார்த்துச் சரி என்றார். அவ்வளவுதான் நடந்தது, அதற்குத்தான் அவள் அந்த அழுகை அழுதிருந்தாள்.

மூன்றாம் நாள் வலி பாதியாகக் குறைந்தது. ஒரு கிழமையில் றோலண்ட் ஐயா மறுபடி குழலை விட்டுப் பார்த்து, பறை முழுசாக இருக்கிறது என்றார். பிறகு மடலைப் பிடித்து இழுத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வலிக்கவில்லை. மீனம்மா பூண்டெண்ணெய்ப் போத்தலை விளக்குக்கு ஊற்றித் தீர்த்துவிட்டாள். கொண்டை ஊசியை மட்டும் காணவே காணோம்.

இரண்டு கிழமை கழித்துச் சர்மிளா துரை முன்னால் சிவப்பு மிதவை வரை நீந்திப் போய்த் திரும்பினாள். கரையேறியதும் தலையைச் சாய்த்துத் தண்ணீரை வடியவிட்டு, துவாய் நுனியால் வெளியே மட்டும் ஒற்றினாள். வலது காதில் தோடு இருந்தது.

மார்கழியில் ஒரு மாலை மூட்டம் இறங்கியது. படகில் அவள் மட்டும், அக்கரையில் பதினான்கு பெண்கள். நடுவில் எஞ்சினை நிறுத்தினாள். தண்ணீர் பலகையில் தட்டும் சத்தம் தவிர ஒன்றுமில்லை. பிறகு, இடது பக்கம் கொஞ்சம் தள்ளி, ஒரு பெண் குரல் கூப்பிட்டது.

"அக்கா..."

சர்மிளா தலையை அந்தப் பக்கம் திருப்பினாள். மறுபடியும் அதே பக்கமிருந்து வந்தது, அக்கா, இங்க.

"வர்றேன்டி" என்று சொல்லிவிட்டுப் படகை இடது பக்கம் திருப்பினாள்.